ஒரு வார மாடலை நான்கு முறை ஓட்டுவதா, நான்காம் வாரத்துக்கு நேரே போவதா?

கேள்வி: "கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடமிருந்து வாரா வாரம் வரும் பச்சைத் தேயிலை எத்தனை கிலோ என்று மூன்று வருடக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. விறகுக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்ய நான்கு வாரம் முன்கூட்டியே வரத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வார மாடல் போட்டு, அதன் விடையையே திரும்ப உள்ளே கொடுத்து நான்கு முறை ஓட்டுகிறேன். நான்காம் வாரத்துக்குத் தனி மாடல் போடு என்கிறான் நண்பன். மாடலே தப்பாக இருந்தால் இரண்டில் எது அதிகம் சொதப்பும்?"

உங்களுக்குள் இருக்கும் சந்தேகம் முறையைப் பற்றியது என்பதைவிட அந்த ஒரு வார மாடலைப் பற்றியது என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் தப்பு என்பது உங்களுக்கே தெரிகிறது. அந்தத் தப்பு நான்கு முறை ஓட்டும்போது பெருகுமா, அப்படியே நிற்குமா என்பதுதான் விஷயம். காலத்தொடர் கணிப்பில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தரவு ஏராளமாக இருந்தால், தப்பான மாடலில் அதிகம் அடிபடுவது நீங்கள் செய்யும் முறைதான். ஆனால் மூன்று வருட வாரக் கணக்கு ஏராளம் ஆகாது. நண்பர் சொல்லும் முறைக்கு அங்கே ஒரு விலை உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேச வசதியாக உங்கள் முறையைச் சுற்று முறை என்றும், நண்பருடையதை நேரடி முறை என்றும் வைத்துக்கொள்வோம். வரத்து என்று நான் சொல்வதெல்லாம் பருவத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் எண். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து குவிவதும், மார்கழி தையில் பள்ளப் பகுதிகளில் உறைபனி விழுந்து வரத்து படுத்துவிடுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த வாரத்துக்கு வழக்கமாக வரும் அளவைக் கழித்துவிட்டு, "வழக்கத்தைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு" என்ற விலகலை மட்டும் கணிக்கிறோம்.

அந்த விலகலில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது. ஒன்று மெதுவாக மாறுவது: மண்ணின் ஈரம், செடி தளிர்க்கும் வேகம், எத்தனை தோட்டம் கவ்வாத்தில் இருக்கிறது என்பவை. இவை ஒரு வாரத்தில் மறையாது. இன்னொன்று அந்த வாரத்தோடு போய்விடுவது: இரண்டு நாள் அடைமழையில் பறிப்பு நின்றது, ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு ஊரே போனது, லாரி வரவில்லை, ஒரு ஏஜென்ட் அந்த வாரம் மட்டும் வேறு ஃபேக்டரிக்குக் கொழுந்தைக் கொடுத்தார். முதலாவதைச் சரக்கு என்றும் இரண்டாவதை இரைச்சல் என்றும் சொல்கிறேன். நீங்கள் எடைச்சீட்டில் பார்ப்பது இரண்டின் கூட்டல்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உங்கள் தரவிலிருந்து வந்தவை அல்ல, பார்க்க எளிதாக இருக்க நான் வைத்தவை. ஏற்ற இறக்கத்தின் அளவைச் சொல்லும் பரவற்படி சரக்குக்கு 1, இரைச்சலுக்கு 1, ஆக மொத்தம் 2. சரக்கு ஒவ்வொரு வாரமும் தன்னில் 0.9 பங்கை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகிறது. இரைச்சல் எதையும் கொண்டுபோவதில்லை. அப்படியானால் இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உள்ள ஒட்டுறவு 0.5 × 0.9 = 0.45. பாதி விலகல் இரைச்சல் என்பதால் 0.5, மீதிப் பாதி வாழ்ந்து தொடர்வதால் 0.9. நான்கு வார இடைவெளியில் உண்மையான ஒட்டுறவு 0.5 × 0.9^4, அதாவது 0.328.

நீங்கள் போட்டிருப்பது போன வாரத்தை மட்டும் பார்க்கும் ஏஆர்(1) மாடல் என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த மாடல் 0.45 என்ற கெழுவைச் சரியாகவே கண்டுபிடிக்கும். ஒரு வாரத்துக்கு, போன வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதைவிட நல்ல நேர்கோட்டுக் கணிப்பு கிடையாது. நான்கு முறை சுற்றும்போது என்ன ஆகிறது? 0.45^4, அதாவது 0.041. உண்மையில் இருக்க வேண்டியது 0.328. எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஏன் என்று பாருங்கள். 0.45 என்ற ஒரே எண்ணுக்குள் 0.5, 0.9 என்ற இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரைச்சலுக்கான பாதித் தள்ளுபடியை ஒரு முறைதான் செய்ய வேண்டும். கொண்டுபோவதற்கான 0.9ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். மாடலுக்கு அந்த வேறுபாடு தெரியாததால் தள்ளுபடியையும் நான்கு முறை செய்துவிடுகிறது.

கிலோவில் சொன்னால் இன்னும் தெளியும். இந்த வாரம் வழக்கத்தைவிட 8,000 கிலோ கூடுதலாக வந்திருக்கிறது. நான்காம் வாரம் எவ்வளவு கூடுதல்? சுற்று முறை ஏறக்குறைய 330 கிலோ என்னும், அதாவது வழக்கம்போலத்தான் என்று சொல்லாமல் சொல்லும். நேரடி முறை ஏறக்குறைய 2,600 கிலோ என்னும். விறகு லோடு சொல்லும் ஆளுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. சராசரி வர்க்கப் பிழையில் பார்த்தால், எதையும் கணிக்காமல் "வழக்கம்போல" என்று சொல்பவருக்குப் பிழை 2.00, சுற்று முறைக்கு 1.95, நேரடி முறைக்கு 1.79.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நேரடி முறை நான்காம் வாரத்தையே இலக்காக வைத்து ரெக்ரஷன் போடுவதால், தொடரின் குணம் காலப்போக்கில் மாறாமல் இருந்து தரவும் போதிய அளவு இருந்தால், அதே பழைய வாரங்களைப் பயன்படுத்தும் எந்த நேர்கோட்டு மாடலும் வர்க்கப் பிழையில் அதை வெல்ல முடியாது. மாடல் சரியா தப்பா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுற்று முறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது "வழக்கம்போல" என்பதைவிடவும் மோசமாகப் போகலாம். தேயிலையில் இது கற்பனை இல்லை. ஒரு தளிர்ப்பு ஏறி, குவிந்து, இறங்கும் தொடரில் அடுத்தடுத்த வாரங்கள் மிக நெருங்கியிருக்கும், நான்கு வாரம் தள்ளி உறவு சட்டென்று விழுந்துவிடும். ஒரு வார ஒட்டுறவு 0.9, நான்கு வார ஒட்டுறவு 0.3 என்று வையுங்கள். சுற்று முறை 0.9^4 = 0.656 என்று எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறி நம்பும். அதன் பிழை மொத்தப் பரவற்படியின் 1.04 மடங்கு ஆகிவிடும், ஒன்றுமே கணிக்காமல் இருந்தால் வருவது 1. நேரடி முறை 0.91இல் நிற்கும். முதல் உதாரணத்தில் சுற்று முறை சீக்கிரம் மறந்தது, இரண்டாவதில் மறக்க வேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டது. நஷ்டத்தின் திசை எதிரெதிர், காரணம் ஒன்றே: ஒரு வார உறவிலிருந்து நான்கு வார உறவை ஊகித்தது.

அதற்காக இப்போதே நண்பர் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். நேரடி முறை அந்த 0.328ஐ உங்கள் தரவிலிருந்து நேராக அளக்கிறது. அளவீடு தடுமாறும். நான்கு வார இடைவெளியில் வரும் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், 156 வாரம் இருந்தாலும் 156 தனித்தனிச் செய்திகள் இல்லை. மேலே வைத்த உதாரணத்துக்கு நான் போட்ட தோராயக் கணக்கில், 52 வாரத் தரவில் அந்தக் கெழுவின் திட்டப் பிழை 0.22 வருகிறது. அதாவது 0.33 என்று வர வேண்டியது 0.1 என்றும் வரலாம், 0.55 என்றும் வரலாம். நேரடி முறையால் கிடைக்கும் ஆதாயத்தில் பாதிக்கு மேல் இந்தத் தடுமாற்றத்திலேயே போய்விடும். உங்களிடம் இருக்கும் மூன்று வருடத்தில் திட்டப் பிழை 0.13 அளவுக்கு இறங்குகிறது, ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். முப்பது வாரச் சொச்சம் மட்டும் இருந்தால் இரண்டு முறையும் சமமாகிவிடும். இவை பெரிய தரவுக்கான சூத்திரங்களைச் சின்னத் தரவில் வைத்துப் போட்டவை, திசையைக் காட்டும் அளவுக்கு நம்பலாம், இரண்டாம் தசமம் வரை நம்ப வேண்டாம். சுற்று முறையில் இந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு. 0.45ஐ அளப்பதில் வரும் பிழை நான்கு முறை பெருக்கும்போது, கெழு சிறியது என்பதால், சுருங்கியே போகிறது.

ஆக, மாடல் தப்பாக இருந்தால் சுற்று முறை ஒரே பக்கமாகச் சாய்கிறது, நேரடி முறை இரண்டு பக்கமும் ஆடுகிறது. சாய்வு தரவு கூடினாலும் போகாது. ஆட்டம் தரவு கூடக் கூடக் குறையும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம், கேள்வியில் நீங்கள் கேட்காதது. ஏஆர்(1)ஐ அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு முறைகளையும் மோதவிடுவது ஏன்? மாடலின் தப்பைக் கொஞ்சம் திருத்தினால் என்ன ஆகிறது என்று அதே உதாரணத்தில் பாருங்கள். போன வாரத்தோடு அதற்கு முந்தின வாரத்தையும் சேர்த்து ஏஆர்(2) போட்டால் கெழுக்கள் 0.336, 0.254 என்று வரும். அதை நான்கு முறை சுற்றினால் பிழை 1.95இலிருந்து 1.80க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு வாரத்தைக் கூடுதலாகச் சேர்த்ததற்கு இவ்வளவு. நேரடி முறையின் 1.79க்கு அருகில் வந்துவிட்டது. நேரடி முறையின் தடுமாற்றச் செலவையும் சேர்த்தால் மூன்று வருடத் தரவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு வாரங்கள் எப்படி உதவுகின்றன? போன வாரமும் கூடுதல், அதற்கு முந்தின வாரமும் கூடுதல் என்றால் அது இரைச்சலாக இருக்க வாய்ப்பு குறைவு. சரக்கையும் இரைச்சலையும் பிரித்தறிய மாடலுக்கு இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. நம் ஊர்க் கொழுந்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரே செடிக்கு அடுத்த ரவுண்டு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வருகிறது. இரண்டு வாரம் முன்னால் நடந்ததைப் பார்க்காத மாடல், பறிக்கும் முறையையே பார்க்கவில்லை.

இரைச்சலைத் தனியாகவே ஏற்றுக்கொள்ளும் அர்மா(1,1) மாடல் இந்த உதாரணத்துக்குச் சரியான மாடல். அதைச் சுற்று முறையில் ஓட்டினால் பிழை 1.70. ஏஆர்(1)ஐ வைத்துக்கொண்டு நேரடி முறையால் எட்ட முடியாத எண் அது. சரியான மாடலுக்கு அருகில் போகப் போக நேரடி முறையின் தேவை குறைந்துகொண்டே போகிறது. உங்கள் வரத்தில் இரைச்சல் நான் வைத்ததைவிட விஷமமாக இருக்கவும் கூடும். திருவிழா வாரத்தில் பறிக்காத கொழுந்து அடுத்த வாரம் சேர்த்து வரும். ஒரு வாரப் பள்ளத்தை அடுத்த வார மேடு நிரப்பும். அப்போது ஒரு வார ஒட்டுறவு இன்னும் கீழே போகும், நான்கு வார ஒட்டுறவு அப்படியே நிற்கும், ஏஆர்(1)ஐச் சுற்றுவதன் நஷ்டம் இன்னும் கூடும்.

இதற்கு வெளியிலிருந்து பெரிய சான்று ஒன்று உண்டு. மார்செலீனோ, ஸ்டாக், வாட்சன் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 170 மாதாந்திரப் பொருளாதாரத் தொடர்களை, 1959 முதல் 2002 வரை, இரண்டு முறையிலும் கணித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான தொடர்களில் சுற்று முறையே முந்தியது, அதிலும் பழைய மாதங்களை நிறையச் சேர்த்த மாடல்களில் தெளிவாகவே முந்தியது. விலை, கூலி, பணம் சார்ந்த தொடர்களில் மட்டும், குறைந்த மாதங்களைப் பார்க்கும் மாடல்களோடு, நேரடி முறை கைகொடுத்தது. அவை நம் உதாரணம்போல, குறுகிய ஏஆர் மாடலுக்குள் அடங்காத வகைத் தொடர்கள். மாடல்கள் எல்லாமே ஓரளவு தப்புதான் என்றாலும், கொஞ்சம் நீளமாகப் போட்ட மாடலில் மிஞ்சும் தப்பு, நேரடி முறையின் தடுமாற்றத்தைவிடச் சிறியதாக இருந்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் கண்டது கோத்தகிரிக் கொழுந்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தொடரைச் சோதித்தே ஆக வேண்டும்.

முதல் சோதனை இரண்டு வரி வேலை. பருவம் கழித்த விலகல் தொடரை `x` என்று வைத்து ஆர் என்ற நிரல்மொழியில் இதை ஓட்டுங்கள்:

```r
r <- acf(x, lag.max = 6, plot = FALSE)$acf[-1]
round(cbind(acf = r, ar1 = r[1]^(1:6)), 2)
```

இடது பத்தி தரவு சொல்லும் தன்னொட்டுறவு, வலது பத்தி ஏஆர்(1)ஐச் சுற்றினால் கிடைப்பது. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் உங்கள் மாடலில் பெரிய பழுது இல்லை, சுற்று முறையோடு இருங்கள். இடது பத்தி மெதுவாகவும் வலது பத்தி செங்குத்தாகவும் இறங்கினால் இரைச்சல் கலந்திருக்கிறது. இடது பத்தி வலதைவிட வேகமாக விழுந்து எதிர்மறைக்குப் போனால் தளிர்ப்பின் ஏற்ற இறக்கம் மாடலுக்குள் வரவில்லை. 156 வாரத்தில் 0.15 அளவு வேறுபாடுகள் தற்செயலாகவே வரும், அதற்கு மேல் இருந்தால் மட்டும் பொருட்படுத்துங்கள்.

இரண்டாவது, நிஜச் சோதனை. முதல் இரண்டு வருடத்தை மட்டும் வைத்து நான்கு மாடல்களைப் போடுங்கள்: ஒரு வாரம் பார்க்கும் நேரடி, ஒரு வாரம் பார்க்கும் சுற்று, இரண்டு அல்லது மூன்று வாரம் பார்க்கும் சுற்று, அர்மா(1,1) சுற்று. நான்காம் வாரத்தைக் கணியுங்கள். பிறகு ஒரு வாரம் நகர்ந்து மறுபடி போடுங்கள். மூன்றாம் வருடம் முழுக்க இப்படியே. பருவச் சராசரியையும் அந்தந்த நாள் வரை இருந்த தரவிலிருந்தே எடுக்க வேண்டும். முழு மூன்று வருடச் சராசரியைக் கழித்துவிட்டுச் சோதித்தால் எதிர்காலம் கணிப்புக்குள் கசிந்துவிடும், எல்லா மாடலும் நல்ல மாடலாகத் தெரியும். கிடைக்கும் ஐம்பது சொச்சம் பிழைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை, நான்கு வாரக் கணிப்பில் அடுத்தடுத்த மூன்று வாரப் பிழைகள் வரை தொடர்பு இருக்கும். இரண்டு கணிப்புகளின் பிழை வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டீபோல்ட்–மரியானோ சோதனை செய்தால் அந்த மூன்று வாரத் தொடர்பைக் கணக்கில் சேர்க்கும்படி செய்யுங்கள். ஒரு வருடச் சோதனையில் ஐந்து சதவீத வித்தியாசத்தை வைத்து எந்த முறைக்கும் வெற்றி சொல்ல முடியாது. இருபது, முப்பது சதவீதம் என்றால் கவனிக்க வேண்டும்.

இரண்டு முறையுமே காப்பாற்றாத தப்புகளும் உண்டு. பக்கத்தில் புதிதாக ஒரு ஃபேக்டரி திறந்து விவசாயிகள் அங்கே போய்விட்டார்கள், ஒரு பெரிய பகுதி முழுக்க ஒரே நேரத்தில் கவ்வாத்து செய்தார்கள், கடுமையான உறைபனியில் செடி கருகிவிட்டது: இவையெல்லாம் தொடரின் குணத்தையே மாற்றுபவை. நேரடி முறைக்கு நான் மேலே சொன்ன உறுதிமொழி, குணம் மாறாத தொடருக்கு மட்டும் உரியது. நேற்றுவரை இருந்த நான்கு வார உறவை அது கச்சிதமாகக் கற்றிருக்கும், அந்த உறவுதான் இப்போது இல்லை. இங்கே முறையை மாற்றிப் பயன் இல்லை. எந்தத் தோட்டம் எப்போது கவ்வாத்துக்குப் போகிறது என்று உங்கள் ஏஜென்ட்களிடம் கேட்டு அதை ஒரு மாறியாகச் சேர்ப்பதே வழி. அந்தத் தகவல் நான்கு வாரத்துக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால் அது எந்த ஏஆர் கெழுவைவிடவும் பெறுமதியானது.

கடைசியாக உங்கள் தேவையைப் பற்றி. விறகுக்கு நான்காம் வாரத்தின் தனி எண் வேண்டுமா, வரும் நான்கு வாரத்தின் மொத்தம் வேண்டுமா? மொத்தம்தான் வேண்டும் என்றால் நான்கு வாரக் கூட்டுத்தொகையையே இலக்காக வைத்து, கடைசி மூன்று வார விலகல்களின் மேல் ஒரே ஒரு நேரடி ரெக்ரஷன் போட்டுப் பாருங்கள். கூட்டும்போது வார இரைச்சல் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், திருவிழாப் பள்ளமும் அடுத்த வார மேடும் ஒரே கூட்டலுக்குள் வந்து சமமாகும், ஆகவே கெழுவும் அவ்வளவு தடுமாறாது. ஆட்களை வார வாரமாகப் பிரித்துச் சொல்ல வேண்டியதற்கு மட்டும் சுற்று முறையை வைத்துக்கொள்ளலாம். அங்கே நான்கு வாரமும் ஒரே மாடலிலிருந்து வருவதால் ஒன்றுக்கொன்று இசைவாக இருக்கும். நேரடி முறையில் வாரத்துக்கு ஒரு மாடல் என்பதால் இரண்டாம் வாரம் ஏற்றமும் மூன்றாம் வாரம் காரணமே இல்லாத இறக்கமும் காட்டலாம். அப்படிக் காட்டினால் அதைக் கொழுந்தின் போக்கு என்று எடுத்துக்கொண்டு ஆளைக் குறைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது கெழுவின் ஆட்டம்.